பதினான்கு கிலோ குழந்தைக்கு எவ்வளவு திரவம், எவ்வளவு கலோரி: மூன்று கணக்குகள், ஒரு முடிவு

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நிமோனியாவோடு வரும் நான்கு வயதுப் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். இது ஒரே குழந்தையின் கதை அல்ல. மலையில் மழையும் பனியும் மாறி மாறி அனுப்பிவைக்கும் பல குழந்தைகளைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட ஒன்று. மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு முறை வாந்தி. மூச்சு நிமிடத்துக்கு 54. ஆக்சிஜன் அளவு 88 சதவீதம்; மூக்குக் குழாயில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் வைத்ததும் 95. கை கால் சூடாக இருக்கிறது, நாக்கு ஈரமாக இருக்கிறது, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்புகிறது. அதாவது ஷாக் இல்லை, நீர்ச்சத்துக் குறைவும் இல்லை. ரத்தத்தில் சோடியம் 133, சர்க்கரை 92. எடை 14 கிலோ, உயரம் 98 செ.மீ.

மருந்து எதைக் கொடுப்பது என்பதில் பெரிய குழப்பம் வராது. வாயால் எதுவும் எடுக்காத இந்தக் குழந்தைக்கு அடுத்த 24 மணி நேரத்தில் எவ்வளவு திரவம், எந்தத் திரவம், எவ்வளவு கலோரி என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். வார்டில் புதிதாகச் சேரும் டாக்டர்களும் சிஸ்டர்களும் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் படித்தால், ட்ரிப் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதாவது புரியும்.

எந்தச் சூத்திரமும் எடையிலிருந்துதான் தொடங்குகிறது. அவசரத்தில் பலர் வயதை வைத்து எடையைக் கணக்கிடுவார்கள்: வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கு. நான்கு வயதுக்கு 16 கிலோ வரும். நம் குழந்தை இருப்பது 14. இரண்டு கிலோ வித்தியாசம் ஒவ்வொரு மருந்திலும் ஒவ்வொரு பாட்டிலிலும் கூடவே வரும். ஸ்வெட்டர், மங்கி குல்லா, சாக்ஸ் எல்லாம் கழற்றித்தான் தராசில் நிறுத்த வேண்டும். மலையில் குளிருக்காக இதைத் தவிர்க்கிறோம். அறையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அரை நிமிடம் நிறுத்தினால் போதும். தராசில் பார்த்ததா, கணக்கிட்டதா என்பதையும் எடைக்குப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

மூன்று கணக்குகள்

முதலாவது எல்லோருக்கும் மனப்பாடம். ஹாலிடே, சீகர் என்ற இரண்டு டாக்டர்கள் 1957-ல் வெளியிட்டது. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50, அதற்கு மேல் கிலோவுக்கு 20. மணிக்கணக்கில் சொன்னால் 4-2-1. நம் குழந்தைக்கு 1000 + 200 = 1200 மி.லி., அதாவது மணிக்கு 50.

இரண்டாவது உடல் பரப்பளவை வைத்துப் போடுவது. ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1500 மி.லி. பத்து கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத்தான் இது பொருந்தும். உயரமும் வேண்டும் என்பதால் அவசர நேரத்தில் யாரும் இதைத் தொடுவதில்லை.

மூன்றாவது, முதல் கணக்கை எடுத்து அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் கொடுப்பது. 800 மி.லி., மணிக்குச் சுமார் 33.

```
ஹாலிடே-சீகர்:  (10 × 100) + (4 × 50) = 1200 மி.லி./நாள்
பரப்பளவு:      √(98 × 14 ÷ 3600) = 0.617 ச.மீ.
               0.617 × 1500 = 926 மி.லி./நாள்
மூன்றில் இரண்டு: 1200 × 2 ÷ 3 = 800 மி.லி./நாள்
```

ஒரே குழந்தை, ஒரே நாள், 800-லிருந்து 1200 வரை. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, முதல் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஹாலிடேயும் சீகரும் முதலில் தண்ணீரைக் கணக்கிடவில்லை, கலோரியைத்தான் கணக்கிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கும் குழந்தை ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி, ஓய்வில் ஆகும் செலவுக்கும் ஓடியாடும் குழந்தையின் செலவுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கிலோவுக்கு 100, 50, 20 என்ற எண்கள் அங்கே வந்தவை, கிலோ கலோரியாக. பிறகு, ஒவ்வொரு 100 கிலோ கலோரி செலவுக்கும் எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்தார்கள். மூச்சிலும் தோலிலும் சுமார் 50 மி.லி., சிறுநீரில் சுமார் 67. உணவு எரியும்போது உடலுக்குள்ளேயே உருவாகும் நீர் சுமார் 17. அதைக் கழித்தால் 100 மி.லி. ஆக 100 கிலோ கலோரிக்கு 100 மி.லி. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்ததால், காலப்போக்கில் கலோரி என்ற சொல் உதிர்ந்து மி.லி. மட்டும் நின்றுவிட்டது.

இப்போது நம் குழந்தையைப் பாருங்கள். படுக்கையில் அசையாமல் கிடக்கிறது, விளையாட்டு இல்லை, ஓட்டம் இல்லை. இது உண்மையிலேயே 1200 கிலோ கலோரி செலவழிக்கிறதா?

ஓய்வுநிலைச் செலவைக் கணக்கிட ஸ்கோஃபீல்டு சூத்திரம் இருக்கிறது, 1985-ல் வந்தது. மூன்றிலிருந்து பத்து வயது வரை எடையை மட்டும் வைத்துப் போடும் வடிவம் இது:

```
பெண்: 20.3 × எடை + 486  →  20.3 × 14 + 486 = 770 கி.கலோரி
ஆண்:  22.7 × எடை + 505
```

இதே குழந்தைக்கு 770. முன்பெல்லாம் இந்த எண்ணை எடுத்து, காய்ச்சலுக்கு இவ்வளவு, தொற்றுக்கு இவ்வளவு என்று 1.2, 1.5 போட்டுப் பெருக்குவார்கள். இன்றைய தீவிர சிகிச்சை ஊட்டச்சத்து வழிகாட்டிகள், அமெரிக்காவில் 2017-ல் வந்ததும் ஐரோப்பாவில் 2020-ல் வந்ததும், கடுமையான நோயின் தொடக்க நாட்களில் அப்படிப் பெருக்க வேண்டாம் என்றே சொல்கின்றன. காய்ச்சலால் கூடும் செலவைப் பெரும்பாலும் படுத்துக் கிடப்பதும் வளர்ச்சி தற்காலிகமாக நின்றுபோவதும் ஈடுகட்டிவிடுகின்றன. மூச்சு வாயுக்களை அளந்து நேரடியாகச் செலவைக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தால் அது இன்னும் நல்லது. மலையில் சின்ன வார்டில் அதற்கு வாய்ப்பில்லை.

770 கிலோ கலோரியை ஹாலிடே, சீகர் சொன்ன அதே விகிதத்தில் நீராக மாற்றுங்கள். 770 மி.லி. மூன்றில் இரண்டு என்று போட்ட 800-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. "மூன்றில் இரண்டு பங்கு" என்பது சும்மா பயந்து குறைத்த எண் அல்ல என்பது இதில் தெரிகிறது. அந்த இருவரின் தர்க்கத்தில் குறையில்லை. படுத்துக் கிடக்கும் குழந்தைக்கு நடமாடும் குழந்தையின் கலோரியைப் போடுவதில்தான் குறை.

நான் 800-ஐத் தேர்ந்தெடுக்க இதுவே போதாது. இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது.

நீரைத் தேக்கும் ஹார்மோன்

நிமோனியா, மூளைக்காய்ச்சல், மூச்சுக்குழல் அழற்சி, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நேரம், கடும் வலி, குமட்டல்: இவை எல்லாவற்றிலும் மூளை ஏ.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகத்திடம் நீரை விடாதே, பிடித்து வை என்று சொல்லும் ஹார்மோன் இது. ரத்தம் நீர்த்துப் போயிருந்தாலும் சுரப்பு நிற்பதில்லை. நம் குழந்தைக்கு நிமோனியாவும் இருக்கிறது, வாந்தியும் இருக்கிறது. 133 என்ற சோடியமே ஏ.டி.ஹெச். வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாக இருக்கலாம்.

இந்த நிலையில் பழைய வழக்கப்படி போனால் என்ன ஆகும்? ஹாலிடேயும் சீகரும் உப்புத் தேவையையும் சொல்லியிருந்தார்கள்: 100 கிலோ கலோரிக்கு சோடியம் 3 மில்லிமோல், பொட்டாசியம் 2. தாய்ப்பாலிலும் பசும்பாலிலும் இருப்பதை வைத்துப் போட்டது. அதன்படி தயாரானவைதான் குழந்தைகளுக்கென்று வரும் சோடியம் குறைந்த பாட்டில்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஐசோலைட்-பி-யில் லிட்டருக்கு சுமார் 25 மில்லிமோல் சோடியம்தான். நார்மல் சலைனில் 154. சர்க்கரை உடலுக்குள் போனதும் எரிந்துவிடும். மிச்சம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

14 கிலோ குழந்தையின் உடலில் சுமார் 8.4 லிட்டர் நீர் இருக்கும். 1200 மி.லி. அப்படிப்பட்ட திரவம் ஏற்றுகிறோம், மூச்சிலும் சிறுநீரிலும் போனது போக அரை லிட்டர் வெறும் நீர் உள்ளே தேங்குகிறது என்று வையுங்கள். 133 × 8.4 ÷ 8.9 என்று போட்டால் 125 அல்லது 126. கைக்கணக்குதான், ஆனால் திசையைக் காட்டப் போதும். சோடியம் இப்படி வேகமாக இறங்கினால் மூளை வீங்கும். முதலில் தலைவலி, மீண்டும் வாந்தி, மந்தம், பிறகு வலிப்பு. வாந்தியையும் மந்தத்தையும் நிமோனியாவின் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடுவது மிக எளிது. இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2018-ல் தெளிவாகச் சொன்னது: 28 நாளிலிருந்து 18 வயது வரை, பராமரிப்புத் திரவம் என்றால் ரத்தத்துக்கு ஈடான சோடியம் உள்ள ஐசோடானிக் திரவம்தான், தகுந்த அளவு பொட்டாசியமும் டெக்ஸ்ட்ரோஸும் சேர்த்து. பிரிட்டனின் வழிகாட்டியும் 2015-லேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது. கூடவே, ஏ.டி.ஹெச். ஆபத்து உள்ள குழந்தைக்கு வழக்கமான அளவில் 50 முதல் 80 சதவீதத்தை மட்டும் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. நம் மூன்றில் இரண்டு அதற்குள்தான் வருகிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். ஐசோடானிக் திரவம் போட்டால் போதாதா, ஏன் அளவையும் குறைக்க வேண்டும்? சில இடங்களில் அப்படியே முழு அளவும் கொடுக்கிறார்கள், அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏ.டி.ஹெச். பலமாகச் சுரக்கும் குழந்தை, உப்பைச் சிறுநீரில் செறிவாக வெளியேற்றிவிட்டு நீரை மட்டும் வைத்துக்கொள்ளும். நார்மல் சலைன் ஏற்றியும் சோடியம் இறங்குவதைப் பார்க்கலாம். ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் நுரையீரலுக்குக் கூடுதல் திரவம் நல்லதும் அல்ல. மணிக்கொரு முறை பார்க்க ஆளும், ஆறு மணிக்கொரு முறை சோடியம் பார்க்க லேப்பும் இருக்கும் இடத்தில் முழு அளவைத் துணிந்து கொடுக்கலாம். இரவில் லேப் மூடிவிடும் இடத்தில் நான் 800-ல்தான் நிற்பேன்.

பரப்பளவுக் கணக்கான 926-ஐயும் ஒதுக்கிவிடவில்லை. மூச்சிலும் தோலிலும் போகும் நீரைத் தனியாகக் காட்டுவதுதான் அதன் நல்ல பயன்: ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 400 மி.லி. நம் குழந்தைக்கு 185 முதல் 247. சோடியம் இறங்கி, திரவத்தை இன்னும் இறுக்க வேண்டி வந்தால், இதோடு சிறுநீர் போன அளவைக் கூட்டிக் கொடுப்பதுதான் அடுத்த படி. சிறுநீரகம் வேலை செய்யாத குழந்தைக்கும் இந்தக் கணக்குதான். குளிரும் உயரமும் இந்த எண்ணை எவ்வளவு மாற்றும் என்று யாராவது கேட்பார்கள். பனிக்கால வறண்ட காற்றில் மூச்சு வழியே கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஈரப்பதமூட்டிய ஆக்சிஜன் வைத்தால் அது குறையும். இரண்டையும் சூத்திரத்தில் நுழைக்கப் பார்ப்பதில்லை, எடையையும் சோடியத்தையும் பார்த்துத்தான் திருத்துகிறேன்.

பாட்டில் சோறு அல்ல

வார்டில் தினமும் கேட்கும் குரல் இது: "டாக்டர், பாட்டில் ரொம்ப மெதுவா இறங்குது. பிள்ளை நேத்துல இருந்து ஒண்ணுமே சாப்பிடல. கொஞ்சம் வேகமா விடச் சொல்லுங்க." இதற்குப் பதில் சொல்லக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 800 மி.லி.யில் 40 கிராம் சர்க்கரை. கிராமுக்கு 3.4 கிலோ கலோரி வீதம் 136. தேவையான 770-ல் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். 1200 ஏற்றினாலும் 204 தான். "அம்மா, இந்த பாட்டில் நாள் முழுக்க ஏறினாலும் ஒரு டம்ளர் பால் குடிச்ச அளவுக்குத்தான் சத்து. வேகமா விட்டா தண்ணிதான் ஜாஸ்தி ஆகும். மூச்சு கொஞ்சம் அடங்கட்டும், குழாய் வழியா பாலே கொடுத்துடலாம்" என்றால் புரிந்துகொள்வார்கள்.

டெக்ஸ்ட்ரோஸின் வேலை ரத்தச் சர்க்கரை இறங்காமலும் உடல் தன் கொழுப்பையும் தசையையும் அளவுக்கு மீறி எரிக்காமலும் பார்த்துக்கொள்வது மட்டுமே. கலோரி வர வேண்டிய வழி வயிறு. முதல் 24 மணி நேரத்துக்குள் பால் தொடங்கிவிடுவது நல்லது. மூச்சு 60-ஐத் தாண்டி ஓடும்போதோ வாந்தி நிற்காதபோதோ மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம். மூக்கில் ஆக்சிஜனும் ரைல்ஸ் டியூபும் சேர்ந்தால் அடைக்கும் என்று தோன்றினால் டியூபை வாய் வழியாகப் போடலாம்.

வார்டில் எளிதாகச் செய்யக்கூடியது: 100 மி.லி. பசும்பாலில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு மி.லி. எண்ணெய். பால் 65, சர்க்கரை 20, எண்ணெய் 16 முதல் 18. சேர்த்து ஏறக்குறைய 100 மி.லி.க்கு 100 கிலோ கலோரி. ஒரு மி.லி.க்கு ஒரு கிலோ கலோரி என்று ஆகிவிடுவதால் கணக்கு சுலபம். 770 கிலோ கலோரிக்கு 770 மி.லி. நாம் அனுமதித்த 800-க்குள் முழு உணவும் அடங்கிவிடுகிறது. கிலோவுக்கு 1.5 கிராம் புரதம் என்ற குறைந்தபட்ச அளவும், அதாவது 21 கிராம், இந்தப் பாலிலேயே வந்துவிடும், 100 மி.லி.யில் சுமார் 3 கிராம் இருக்கிறது.

1200 கிலோ கலோரியை இலக்காக வைத்தால் இது இப்படிப் பொருந்தாது. ஒன்று, திரவம் மிஞ்சும். இல்லையென்றால் பாலை அடர்த்தியாக்கி வயிற்றுப்போக்கை வரவழைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஊட்டினால் கரியமில வாயு கூடுதலாக உண்டாகும், அதை வெளியேற்ற ஏற்கெனவே திணறும் மூச்சுதான் உழைக்க வேண்டும். 1200-ம் அதற்கு மேலும் தேவைப்படும் நாள் வரும், அது தேறும் நாட்களில். பசி திரும்பி, எழுந்து உட்கார்ந்து, இளைத்ததைப் பிடிக்க வேண்டிய வாரத்தில் ஹாலிடே, சீகர் எண்ணைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது

"ஐ.வி. திரவம், மணிக்கு 31" என்று மட்டும் எழுதியிருக்கும் கேஸ் ஷீட்டைப் பார்த்தால் இரவுப் பணிக்கு வருபவருக்கு ஒன்றும் தெரியாது. 31 ஏன்? யாராவது பிழையாகப் போட்டதா, தெரிந்தே குறைத்ததா? மணிக்கு 50 வர வேண்டுமே என்று அவர் நல்லெண்ணத்தோடே கூட்டிவிடுவார். காரணம் எழுதியிருந்தால் கூட்ட மாட்டார், கூட்ட வேண்டிய நிலை வந்தால் எதைப் பார்த்துக் கூட்டுவது என்றும் தெரியும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> எடை 14 கிலோ (வார்டு தராசு, காலை 9.30, கனத்த உடை இல்லாமல்). உயரம் 98. ஷாக் இல்லை, நீர்ச்சத்துக் குறைவு இல்லை. எனவே போலஸ் இல்லை, ஈடுசெய்யும் திரவம் இல்லை, பராமரிப்பு மட்டும்.
>
> ஹாலிடே-சீகர் 1200. நிமோனியா, வாந்தி, சோடியம் 133, ஏ.டி.ஹெச். ஆபத்து. எனவே மூன்றில் இரண்டு: மொத்தம் 800. இதில் ஊசி மருந்து, ஃப்ளஷ் 60. மிச்சம் 740, மணிக்கு 31.
>
> திரவம்: டி.என்.எஸ். (5% டெக்ஸ்ட்ரோஸ், நார்மல் சலைன்). சிறுநீர் போனது, கிரியேட்டினின் சரி, 500 மி.லி.க்கு 15% பொட்டாசியம் குளோரைடு 5 மி.லி. (10 மில்லிமோல்) கலந்தது.
>
> கலோரி இலக்கு: ஸ்கோஃபீல்டு 770, பெருக்கல் இல்லை. மூச்சு 60-க்குள் இருந்து, வாந்தி நின்றதும் பால் 15 மி.லி. இரண்டு மணிக்கொரு முறை. பால் கூடும் அளவுக்கு ட்ரிப் குறையும். மொத்தம் 800 மாறாது.
>
> சோடியம், சர்க்கரை 12 மணி நேரத்தில். எடை நாளை காலை 9.30, இதே தராசு. மந்தம், தலைவலி, புதிய வாந்தி, வலிப்பு என்றால் உடனே சோடியம், உடனே அழைக்கவும்.

இதில் சில இடங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஊசி மருந்தோடு போகும் நீரைக் கழிக்காமல் விட்டால், ஒவ்வொரு டோஸிலும் 15, 20 என்று சேர்ந்து, குறைத்ததில் ஒரு பகுதி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். பொட்டாசியம் சேர்த்த பாட்டிலைப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். தொங்கும் பாட்டிலில் ஊசியால் செலுத்திவிட்டு அப்படியே ஓடவிட்டால் அது அடியில் தங்கி, முதலில் குழந்தைக்குள் போவது அதுவாகத்தான் இருக்கும், இதயம் நின்றுவிடக்கூடும்.

பம்ப் இல்லாத வார்டில் மைக்ரோ ட்ரிப் செட் இருந்தால் கவலையில்லை. அதில் 60 சொட்டு ஒரு மி.லி., எனவே மணிக்கு 31 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 31 சொட்டு. அளவு குறித்த சேம்பரில் இரண்டு மணி நேரத்துக்கு உண்டான 62 மி.லி.யை மட்டும் நிரப்பி, பாட்டிலிலிருந்து வரும் கிளிப்பை மூடிவிட வேண்டும். குழந்தை கையை ஆட்டி ஓட்டம் கூடினாலும் அதற்கு மேல் போகாது. இது மலைப்பாதையில் இன்னும் முக்கியம். குழந்தை மோசமாகி மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்கு அனுப்ப வேண்டி வந்தால், வளைவுக்கு வளைவு பாட்டில் ஆடும், சொட்டு எண்ண முடியாது. சேம்பரில் இருப்பது மட்டும்தான் போகும் என்பதே பாதுகாப்பு. கூடவே அந்தக் கேஸ் ஷீட் நகலும் போக வேண்டும், கடைசி சோடியம் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதோடு. கீழே இருக்கும் டாக்டர் முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது

மறுநாள் காலை சிறுநீர் குறைவாக இருக்கிறது என்று சிஸ்டர் சொல்கிறார்: மணிக்குக் கிலோவுக்கு 0.7 மி.லி. வழக்கமாக 1 இருந்தால் நல்லது என்போம். உடனே திரவத்தைக் கூட்டத்தான் கை போகும். அந்த இடத்தில் நின்று இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

எடை 14.4, சோடியம் 129, நாக்கு ஈரம், நாடி பழையபடி என்றால், சிறுநீர் குறைந்தது நீர் இல்லாததால் அல்ல, ஹார்மோன் பிடித்து வைத்ததால். ஒரே இரவில் 400 கிராம் சதையாக ஏறாது, அது நீர். இங்கே கூட்டினால் சோடியம் இன்னும் இறங்கும். மூச்சு வழி இழப்போடு சிறுநீர் அளவைக் கூட்டி, அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ஐசோடானிக் திரவத்தை மாற்றக் கூடாது. இதற்கிடையே வலிப்பு வந்துவிட்டால் கணக்குப் பார்த்து நிற்கக் கூடாது: 3 சதவீத சலைன் கிலோவுக்கு 2 மி.லி., இந்தக் குழந்தைக்கு 28 மி.லி., 10 முதல் 15 நிமிடத்தில். வலிப்பு அடங்கவில்லை என்றால் திரும்பவும் ஒரு முறை.

எடை 13.6, சோடியம் 139, நாக்கு வறட்சி, நாடி வேகம் என்றால் கதை நேர் எதிர். காய்ச்சலோ வேகமான மூச்சோ எதிர்பார்த்ததைவிட நீரை இழுத்துவிட்டது. 800 இதற்குப் போதவில்லை. முழு அளவான 1200-க்கு ஏற்றிவிட்டு மாலையில் மீண்டும் எடை பார்க்கலாம். சிறுநீர் இரண்டு பேருக்கும் ஒரே 0.7 தான். சிறுநீரை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

எதிர்பார்த்தபடி போனால் எடை 14.1, சோடியம் 134 என்று இருக்கும். பால் இரண்டு மணிக்கொரு முறை 32 மி.லி. ஆகும்போது மணிக்கு 16 மி.லி. வயிற்றில் போகிறது, ட்ரிப்பை 31-லிருந்து 15-க்கு இறக்கலாம். மூன்றாம் நாள் பால் 64 மி.லி. வந்துவிட்டால் ட்ரிப்பே வேண்டாம், ஊசிக்கு மட்டும் கேனுலா இருக்கட்டும். ட்ரிப்பைச் சீக்கிரம் நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 800 மி.லி. டி.என்.எஸ்.ஸில் 123 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும் இருக்கிறது, ஒரு நாள் தேவையைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஓரிரு நாள் தாங்கும். அதற்கு மேல் நீண்டால் முகம் வீங்கும், ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும்.

இந்தக் கணக்கைத் தொடவே கூடாத குழந்தைகளும் உண்டு. எலும்பும் தோலுமாக இளைத்த, அல்லது இரண்டு பாதமும் வீங்கிய ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தனி நெறிமுறை இருக்கிறது, அங்கே டி.என்.எஸ். ஆபத்து. 28 நாளுக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்கு வேறு அட்டவணை. இதயம், சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், பெரிய தீக்காயம், நீரிழிவுக் கோமா, நிற்காத வயிற்றுப்போக்கு ஆகிய எதற்கும் மேலே சொன்ன 800 பொருந்தாது. வயிற்றுப்போக்கில் இழந்ததைத் தனியாக ஈடுகட்ட வேண்டும், தொடர்ந்து போவதைத் தனியாக, அதற்கு மேல்தான் பராமரிப்பு. இந்த மூன்றையும் மூன்று வரியில் தனித்தனியாக எழுதாமல் ஒரே எண்ணாகக் கூட்டி எழுதினால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகு எதைக் குறைப்பது என்று மறுநாள் காலை வருபவருக்குத் தெரியாது.